சிலர் உள்ளே, சிலர் வெளியே பார்க்கும் வட்ட மேசைப் புதிர்: ஒரு முழுக் கணக்குடன் விளக்கம்

“வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன். வட்ட மேசையில் எல்லோரும் மையத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் போட்டுவிடுகிறேன். சிலர் உள்ளே, சிலர் வெளியே பார்க்கிறார்கள் என்றால் எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. பாதியில் குழம்பி, மறுபடி முதலிலிருந்து வரைகிறேன். இதற்கு ஒழுங்கான முறை உண்டா?”

உண்டு. எல்லோரும் மையத்தைப் பார்க்கும் புதிரில் நமக்குத் தெரியாதது ஒன்றுதான்: யார் எந்த இடத்தில் இருக்கிறார். நீங்கள் சொல்லும் வகையில் தெரியாதவை இரண்டு: அவர் எங்கே இருக்கிறார், எந்தப் பக்கம் பார்க்கிறார். பெரும்பாலானோர் முதலாவதைத் தாளில் எழுதுகிறார்கள், இரண்டாவதை மனதில் வைத்துக்கொள்கிறார்கள். நான்காவது குறிப்பு வரும்போது மனதில் வைத்தது கலைந்துவிடும். தாளில் இருக்கும் படம் சரியாகத்தான் இருக்கும், ஆனால் அதை எந்த அனுமானத்தின் மேல் வரைந்தோம் என்பது மறந்துபோயிருக்கும். அதனால்தான் மறுபடி முதலிலிருந்து வரைய வேண்டியிருக்கிறது.

ஆகவே முதல் வேலை, இடம், வலம் என்ற சொற்களைப் படத்துக்குள் கொண்டுவராமல் இருப்பது. ஒருவரின் இடப்பக்கம் என்பது அவர் முகம் திரும்பினால் மாறிவிடும். கடிகாரத் திசை மாறாது. கேள்வியில் இடம், வலம் என்று படித்தவுடனேயே அதைக் கடிகாரத் திசை அல்லது எதிர்த்திசை என்று மாற்றிவிட்டுத்தான் பேனாவைத் தாளில் வைக்க வேண்டும்.

மாற்றுவதற்கான விதி ஒன்றே போதும். மையத்தைப் பார்ப்பவரின் இடப்பக்கம் கடிகாரத் திசையில் இருக்கிறது. கோயிலில் சன்னிதியைப் பார்த்து நின்றுவிட்டுப் பிரகாரம் சுற்றக் கிளம்பும்போது எந்தப் பக்கம் நகர்கிறோம்? இடப்பக்கம். பிரதட்சணம் கடிகாரத் திசையில் போவது எல்லோருக்கும் தெரியும். இதை ஒருமுறை மனதில் நிறுத்திக்கொண்டால் தேர்வறையில் கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வெளியே பார்ப்பவருக்கு எல்லாமே தலைகீழ்: அவருடைய வலப்பக்கம்தான் கடிகாரத் திசை.

அடுத்தது, யாருடைய வலப்பக்கம் என்பது. “மாலா, கண்ணனுக்கு வலப்புறம் மூன்றாவதாக அமர்ந்திருக்கிறார்” என்றால் பார்க்க வேண்டியது கண்ணனின் முகத்தை. மாலா எந்தப் பக்கம் பார்த்தாலும் இந்த வாக்கியத்துக்குக் கவலை இல்லை. வாக்கியம் மாலாவில் தொடங்குவதால் கண் மாலாவையே பிடித்துக்கொள்கிறது, அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். வாக்கியத்தில் ‘க்கு’ என்று முடியும் பெயரை வட்டமிட்டுக்கொள்ளுங்கள். கணக்கு அவரிடமிருந்துதான் தொடங்குகிறது.

படம் வரைவதிலும் ஒரு சிக்கனம் உண்டு. வட்டம் வரைந்து அதைச் சுற்றி எட்டுப் புள்ளி வைப்பதற்குப் பதிலாக, ஒரு புள்ளியில் வெட்டிக்கொள்ளும் நான்கு கோடுகளை நட்சத்திரம் போலப் போடுங்கள். எட்டு முனைகளும் எட்டு இருக்கைகள். எதிரெதிர் இருக்கைகள் ஒரே கோட்டின் இரு முனைகளாக இருப்பதால் ‘நேரெதிரே’ என்ற குறிப்பை எண்ணிப் பார்க்கவே வேண்டாம். உச்சியில் 1, அங்கிருந்து கடிகாரத் திசையில் 2, 3 என்று 8 வரை. கடிகாரத் திசையில் போனால் கூட்டல், எதிர்த்திசையில் போனால் கழித்தல். எட்டைத் தாண்டினால் எட்டைக் கழியுங்கள், பூஜ்யத்துக்கோ அதற்குக் கீழேயோ போனால் எட்டைக் கூட்டுங்கள். பெயருக்குப் பக்கத்தில் உள்ளே பார்ப்பவருக்கு ‘உ’, வெளியே பார்ப்பவருக்கு ‘வெ’, தெரியாதவருக்குக் கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறியைப் போடச் சோம்பல்படாதீர்கள். எது இன்னும் தீர்மானமாகவில்லை என்பதைத் தாள் சொன்னால்தான் மனம் சும்மா இருக்கும்.

இப்போது ஒரு கணக்கை முழுதாகப் போடுவோம். தேர்வில் வரும் அமைப்பிலேயே நான் தயாரித்தது:

அமுதா, பாலு, செல்வி, தாமஸ், கண்ணன், மாலா, நசீர், ரவி என்ற எட்டுப் பேர் ஒரு வட்ட மேசையைச் சுற்றிச் சம இடைவெளியில் அமர்ந்திருக்கிறார்கள். நான்கு பேர் மையத்தை நோக்கியும், மற்ற நான்கு பேர் வெளிப்புறத்தை நோக்கியும் இருக்கிறார்கள். செல்விக்கு இருபுறமும் பக்கத்தில் இருப்பவர்கள் ஒரே திசையை நோக்கியுள்ளனர். மாலா, கண்ணனுக்கு வலப்புறம் மூன்றாவதாக இருக்கிறார். தாமஸ், பாலுவுக்கு வலப்புறம் இரண்டாவதாக இருக்கிறார். நசீர், தாமஸுக்கு நேரெதிரே இருக்கிறார். மையத்தை நோக்கியுள்ள அமுதாவுக்கு இடப்புறம் மூன்றாவதாக பாலு இருக்கிறார். செல்வி, நசீருக்கு உடனடி இடப்புறம் இருக்கிறார். கண்ணனும் பாலுவும் எதிரெதிர்த் திசைகளை நோக்கியுள்ளனர்.

மேலே படிப்பதற்கு முன் நீங்களே ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

கேள்வி தயாரிப்பவர் குறிப்புகளை வரிசையாகக் கொடுக்க மாட்டார். எது முதலில் எழுதப்பட்டிருக்கிறதோ அதிலிருந்து தொடங்குபவர் முதல் அரை நிமிடத்திலேயே நான்கைந்து படங்களோடு நிற்பார். இந்தக் கணக்கில் மாலா, கண்ணன் குறிப்பிலிருந்து தொடங்கிப் பாருங்கள். கண்ணன் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று தெரியாததால் மாலாவுக்கு இரண்டு இடங்கள். அவர்கள் இருவரையும் மற்ற யாரோடும் இணைக்கும் இடக்குறிப்பே இல்லாததால், அமுதா, பாலு, தாமஸ் கூட்டத்தை அந்தப் படத்தில் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். படங்கள் பெருகிக்கொண்டே போகும்.

அதனால் முதல் வாசிப்பில் எதையும் வரையக் கூடாது. ஒவ்வொரு குறிப்பும் எத்தனை வழி திறக்கிறது என்று மட்டும் பாருங்கள். அமுதாவின் முகம் தெரிந்திருக்கிறது, எனவே அமுதா, பாலு குறிப்புக்கு ஒரே வழி. தாமஸ் குறிப்பு பாலுவோடு சேர்கிறது, ஆனால் பாலுவின் முகம் தெரியாததால் இரண்டு வழி. நசீர் குறிப்பு தாமஸோடு ஒட்டிக்கொண்டு வரும், புதிதாக வழி எதையும் திறக்காது. செல்வி நசீரோடு சேர்கிறார். ஆக அமுதா, பாலு, தாமஸ், நசீர், செல்வி என்று ஒரு சங்கிலி கிடைத்துவிட்டது. மாலா, கண்ணன் குறிப்பைக் கடைசிக்கு ஒதுக்குவோம். ‘நான்கு பேர் உள்ளே, நான்கு பேர் வெளியே’ என்பது அதற்கும் கடைசி. ஒரு பக்கத்துக்கு நான்கு பேர் நிரம்பும்வரை அந்த வரியால் எந்தப் பயனும் இல்லை.

அமுதாவை 1-இல் வைக்கிறோம், ‘உ’ போடுகிறோம். வட்டத்தில் முதல் ஆளை எங்கே வைத்தாலும் ஒன்றுதான், அதற்காக யோசிக்கவே வேண்டாம். உள்ளே பார்ப்பவரின் இடப்பக்கம் கடிகாரத் திசை, மூன்றாவது, ஆகவே பாலு 4-இல். பாலுவுக்குக் கேள்விக்குறி.

தாமஸ், பாலுவுக்கு வலப்புறம் இரண்டாவது. இங்கே படம் இரண்டாகப் பிரிகிறது. பாலு உள்ளே பார்த்தால் வலம் எதிர்த்திசை, தாமஸ் 2-இல். பாலு வெளியே பார்த்தால் வலம் கடிகாரத் திசை, தாமஸ் 6-இல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு நட்சத்திரங்களாக வரைந்துவிடுங்கள். முதல் படத்தில் பாலுவுக்கு ‘உ’, இரண்டாவதில் ‘வெ’. எந்த அனுமானத்தின் பேரில் படம் பிரிந்ததோ அது படத்திலேயே எழுதப்பட்டுவிட்டது. ஒரே படத்தில் பென்சிலால் எழுதி அழித்து எழுதுவது நேரத்தை மிச்சப்படுத்துவதுபோலத் தெரியும், ஆனால் ஒரு கிளை பொய்த்துப்போகும்போது எதுவரை அழிக்க வேண்டும் என்று தெரியாமல் நிற்க வேண்டிவரும்.

நசீர் தாமஸுக்கு எதிரே: முதல் படத்தில் 6, இரண்டாவதில் 2.

செல்வி, நசீருக்கு உடனடி இடப்புறம். நசீரின் முகம் இரண்டு படங்களிலும் தெரியாது. இரண்டாவது படத்தை முதலில் பார்ப்போம். நசீர் 2-இல் இருக்கிறார், அவருக்குப் பக்கத்தில் 1-இல் அமுதா ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார். ஆகவே செல்வி 3-இல்தான் இருக்க முடியும். 2-இலிருந்து 3 கடிகாரத் திசை, இடப்பக்கம் கடிகாரத் திசையாக இருக்கிறது என்றால் நசீர் உள்ளே பார்க்கிறார். இதைக் கவனியுங்கள்: காலி இடம் இல்லாத காரணத்தாலேயே ஒருவரின் முகம் தெரிந்துவிட்டது. முகத்திலிருந்து இடத்தைக் கண்டுபிடிப்பது போலவே இடத்திலிருந்து முகத்தைக் கண்டுபிடிப்பதும் இந்த வகைப் புதிரில் பாதி வேலை. இந்தப் பின்திசை வாசிப்பைப் பலர் பழகுவதே இல்லை.

முதல் படத்தில் நசீர் 6-இல், இரு பக்கமும் காலி. உள்ளே பார்த்தால் செல்வி 7-இல், வெளியே பார்த்தால் 5-இல். ஆக இப்போது மூன்று படங்கள் நிற்கின்றன.

பயப்பட வேண்டாம், ‘செல்விக்கு இருபுறமும் இருப்பவர்கள் ஒரே திசை’ என்ற குறிப்பு இன்னும் கையில் இருக்கிறது. இரண்டாவது படத்தில் செல்வி 3-இல். ஒரு பக்கம் 2-இல் நசீர், உள்ளே. மறுபக்கம் 4-இல் பாலு, வெளியே. ஒத்துவரவில்லை, படத்தின் குறுக்கே ஒரு கோடு. முதல் படத்தில் செல்வி 5-இல் இருக்கும் வகையில், ஒரு பக்கம் 4-இல் பாலு உள்ளே, மறுபக்கம் 6-இல் நசீர் வெளியே. அதற்கும் ஒரு கோடு. செல்வி 7-இல் இருக்கும் வகையில் ஒரு பக்கம் 6-இல் நசீர் உள்ளே பார்க்கிறார், மறுபக்கம் 8-இல் யார் என்று இன்னும் தெரியாது. முரண் இல்லை. அதோடு, 8-இல் யார் உட்கார்ந்தாலும் அவர் உள்ளேதான் பார்க்க வேண்டும். ஆள் தெரியாமலேயே அந்த முனையில் ‘உ’ என்று எழுதிவைக்கலாம்.

இப்போது ஒரே படம்: 1 அமுதா உ, 2 தாமஸ், 4 பாலு உ, 6 நசீர் உ, 7 செல்வி, 8 யாரோ ஒருவர் உ. மீதி இருப்பவர்கள் கண்ணன், மாலா, ரவி. மீதி இடங்கள் 3, 5, 8.

ஒதுக்கிவைத்த குறிப்பை எடுக்கிறோம். மாலா, கண்ணனுக்கு வலப்புறம் மூன்றாவது. கண்ணனை மூன்று இடங்களிலும் வைத்துப் பார்ப்பதே இப்போது சுருக்கமான வழி. 3-இல் வைத்தால், வெளியே பார்க்கும் கண்ணனுக்கு மூன்றாவது வலம் 6, அங்கே நசீர் இருக்கிறார். எனவே உள்ளே பார்க்க வேண்டும், மாலா 8-இல். 5-இல் வைத்தால், உள்ளே பார்க்கும் கண்ணனுக்கு மூன்றாவது வலம் 2, அங்கே தாமஸ். எனவே வெளியே பார்க்க வேண்டும், மாலா 8-இல். 8-இல் வைத்தால், 8-இல் இருப்பவர் உள்ளே பார்க்கிறார் என்று முன்பே எழுதிவிட்டோம், எனவே மாலா 5-இல்.

மூன்றிலும் கண்ணனின் முகம் முடிவாகிவிட்டது: 3-இல் உள்ளே, 5-இல் வெளியே, 8-இல் உள்ளே. கண்ணனும் பாலுவும் எதிரெதிர்த் திசை, பாலு உள்ளே. எனவே கண்ணன் வெளியே, அவர் இடம் 5. மாலா 8-இல், உள்ளே. மீதி ஒரே இடமான 3-இல் ரவி.

உள்ளே பார்ப்பவர்களை எண்ணுங்கள்: அமுதா, பாலு, நசீர், மாலா. நான்கு நிரம்பிவிட்டது. தாமஸ், ரவி, செல்வி மூவரும் கண்ணனோடு சேர்ந்து வெளியே. இதுவரை சும்மா கிடந்த அந்தக் குறிப்பு ஒரே அடியில் மூன்று கேள்விக்குறிகளை அழித்துவிட்டது.

முடிந்ததும் கேள்விகளுக்குப் பாயாமல் எல்லாக் குறிப்புகளையும் படத்தில் ஒருமுறை சரிபாருங்கள். பதினைந்து, இருபது நொடிகள் போதும். பயன்படுத்திய குறிப்பை அப்போதைக்கப்போதே டிக் செய்து வந்திருந்தால் இன்னொரு நன்மை: கடைசியில் இரண்டு படங்கள் மிஞ்சினால், டிக் ஆகாத வரி எங்காவது இருக்கும். எல்லாப் படங்களும் அடிபட்டுப்போனால் நோய் வேறு, அநேகமாக முதல் மாற்றத்திலேயே இடத்தை வலமாக எடுத்திருப்பீர்கள், அல்லது ‘க்கு’ பெயரை விட்டுவிட்டு மற்றவர் முகத்திலிருந்து எண்ணியிருப்பீர்கள். கடைசி வரியைத் துருவிக்கொண்டிருக்காமல் முதல் இரண்டு மாற்றங்களைப் பாருங்கள்.

கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போதும் அதே மாற்றம் தேவை, இங்கேதான் சரியான படத்தை வைத்துக்கொண்டு தவறான விடையைத் தருகிறார்கள். மாலாவுக்கு இடப்புறம் இரண்டாவது யார்? மாலா 8-இல், உள்ளே, கடிகாரத் திசையில் இரண்டு, 2-இல் தாமஸ். ரவிக்கு வலப்புறம் மூன்றாவது யார்? ரவி 3-இல், வெளியே, வலம் கடிகாரத் திசை, 6-இல் நசீர். ரவியின் இடப்பக்கத்திலிருந்து எண்ணினால் ரவிக்கும் நசீருக்கும் இடையே எத்தனை பேர்? எதிர்த்திசையில் 2, 1, 8, 7 என்று நான்கு பேர். இதைச் சரிபார்க்க ஒரு குறுக்குவழி: எட்டுப் பேர் வட்டத்தில் இருவருக்கு இடையே இரு பக்கமும் இருப்பவர்களின் கூட்டுத்தொகை எப்போதும் ஆறு. மறுபக்கம் 4, 5 என்று இரண்டு பேர், கணக்கு சரி.

அடுத்து, பயிற்சிப் புத்தகங்களில் நான் அதிகம் பார்க்காத ஒரு விஷயம். இந்தக் கணக்கில் அமுதா மையத்தைப் பார்க்கிறார் என்று வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருந்தது. அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? அமுதாவை வெளியே பார்க்கவைத்து மறுபடி போட்டுப் பாருங்கள். பாலு 6-க்குப் போவார், தாமஸ் 8, நசீர் 4, செல்வி 3, மாலா 2, ரவி 7, கண்ணன் மட்டும் 5-இலேயே இருப்பார். உள்ளே பார்த்தவர் எல்லோரும் வெளியே, வெளியே பார்த்தவர் எல்லோரும் உள்ளே. முதல் படத்தைக் கண்ணாடியில் பார்த்து, எல்லா முகங்களையும் திருப்பிவைத்தது போன்ற படம் இது. எல்லாக் குறிப்புகளும் இதிலும் அப்படியே பொருந்தும்.

இது தற்செயல் அல்ல. கண்ணாடியில் பார்த்தால் கடிகாரத் திசை எதிர்த்திசையாகிறது. முகத்தைத் திருப்பினால் இடமும் வலமும் மாறுகின்றன. இரண்டையும் சேர்த்துச் செய்தால் ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடும். இடம், வலம், எதிரே, பக்கத்தில், இடையே இத்தனை பேர், ஒரே திசை, எதிர்த் திசை என்ற குறிப்புகள் மட்டும் இருந்தால், எந்தப் புதிருக்கும் இப்படி ஓர் இரட்டைப் படம் இருந்தே தீரும். அதனால்தான் ‘இன்னார் மையத்தை நோக்கியுள்ளார்’ என்றோ, ‘மூன்று பேர் மட்டும் வெளியே’ என்றோ, இரட்டையரில் ஒருவரை விலக்கும் ஒரு வரியைக் கேள்வி தயாரிப்பவர் எங்காவது வைத்தாக வேண்டியிருக்கிறது.

இதனால் நமக்கு என்ன லாபம்? சங்கிலி தொடங்கும் ஆளின் முகம் தெரியவில்லை, முகம் தெரிந்த ஆள் வேறெங்கோ கடைசியில் வருகிறார் என்றால், தொடக்கத்திலேயே இரண்டு படங்கள் வரைய வேண்டியதில்லை. தொடக்க ஆள் உள்ளே பார்க்கிறார் என்று வைத்துக்கொண்டு போங்கள். முகத்தை நேரடியாகச் சொல்லும் அந்த வரியை மட்டும் கடைசிவரை தொடாதீர்கள். முழுப் படமும் முடிந்தபின் அந்த வரியோடு ஒப்பிடுங்கள். பொருந்தினால் சரி. பொருந்தாவிட்டால் எல்லா முகங்களையும் திருப்பி, படத்தைக் கண்ணாடிப் படமாக்கிவிடுங்கள், வேலை முடிந்தது. கேட்கப்படும் கேள்வி ‘மாலாவுக்கு இடப்புறம் இரண்டாவது யார்’ என்பது போல இருந்தால் திருப்பக்கூடத் தேவையில்லை. இரட்டைப் படத்தில் மாலா 2-இல் வெளியே பார்க்கிறார், எதிர்த்திசையில் இரண்டாவது 8, அங்கேயும் தாமஸ்தான். யார் உள்ளே பார்க்கிறார், யார் கடிகாரத் திசையில் அடுத்தவர் என்ற கேள்விகளில் மட்டுமே இரண்டு படங்களும் வேறுபடும்.

ஆனால் ‘மூன்று பேர் மட்டும் வெளியே’ போன்ற சமமில்லாத எண்ணிக்கையை இந்த வழியில் நடுவில் பயன்படுத்தக் கூடாது. தவறான இரட்டையில் நீங்கள் இருந்தால் அது சரியான வேலையையும் அடித்துப்போடச் சொல்லும். நான்குக்கு நான்கு என்றால் அந்தப் பயம் இல்லை, திருப்பினாலும் நான்குதான்.

குறிப்புகளைப் படிப்பதில் இரண்டு இடங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ‘செல்விக்கு இருபுறமும் இருப்பவர்கள் ஒரே திசை’ என்றால் அந்த இருவரும் ஒருவருக்கொருவர் ஒத்துப்போகிறார்கள் என்றுதான் பொருள். செல்வியும் அதே திசையில் பார்க்கிறார் என்று அங்கே சொல்லவே இல்லை. நம் கணக்கில் இருவரும் உள்ளே, செல்வி வெளியே. வட்டத்தில் ‘ஒரே திசை’ என்பது வடக்கு, தெற்கு அல்ல, இருவரும் உள்ளே அல்லது இருவரும் வெளியே என்பதே. இன்னொன்று, ‘நேரெதிரே’ என்பது இடத்தை மட்டும் சொல்கிறது. நசீர் தாமஸுக்கு எதிரே இருக்கிறார், நசீரின் முகம் தாமஸ் இருக்கும் பக்கம் திரும்பியிருக்கிறது, தாமஸோ அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எதிரே என்றவுடன் இருவருக்கும் ‘உ’ போட்டுவிடுபவர்களை எனக்குத் தெரியும்.

சதுர மேசையில் மூலைகளில் நால்வர், பக்கங்களின் நடுவில் நால்வர், மூலையில் இருப்பவர்கள் உள்ளே பார்க்கிறார்கள், நடுவில் இருப்பவர்கள் வெளியே பார்க்கிறார்கள் என்று வரும் புதிர் பார்ப்பதற்குத்தான் மிரட்டும். அங்கே இருக்கை தெரிந்தால் முகம் தெரிந்துவிடும், தெரியாதது மறுபடி ஒன்றாகிவிடுகிறது. முதல் ஆளை மூலையில் வைத்து ஒரு படம், நடுவில் வைத்து ஒரு படம், அவ்வளவுதான். கலப்பு வட்டத்தைவிட அது சுலபம் என்பது என் எண்ணம்.

நேரக் கணக்கு. ஐ.பி.பி.எஸ். பி.ஓ. முதல்நிலைத் தேர்வில் ரீசனிங் பகுதியின் வழக்கமான அமைப்பு 20 நிமிடத்தில் 35 கேள்விகள், தவறான விடைக்குக் கால் பங்கு மதிப்பெண் பிடித்தம். வட்ட மேசைப் புதிர் ஒன்றின் கீழ் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து கேள்விகள் வரும். ஐந்து கேள்வி இருக்கும் புதிருக்கு நான்கு நிமிடம் கொடுக்கலாம், மூன்று கேள்விக்குக் கொடுக்க முடியாது. முதல் வாசிப்பில் ஒற்றை வழிக் குறிப்பு எதுவும் இல்லை, மூன்று பேரையாவது கோக்கும் சங்கிலியும் இல்லை என்றால் அந்தப் புதிரை அப்போதே தாண்டிப் போய்விட்டுக் கடைசியில் திரும்பி வாருங்கள்.

சங்கிலி முடிந்தும் இரண்டு மூன்று படங்கள் மிஞ்சி, நேரமும் இல்லாமல் போனால் மொத்தத்தையும் கைவிட வேண்டியதில்லை. மிஞ்சிய படங்கள் எல்லாவற்றிலும் ஒரே விடை வரும் கேள்வி இருக்கிறதா என்று பாருங்கள். நம் கணக்கில் கண்ணன் 3, 5, 8 என்று மூன்று படங்களாக நின்ற கட்டத்தில், கண்ணன், பாலு குறிப்பைக் கவனிக்காமல் விட்டுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அமுதாவுக்கு உடனடி இடப்புறம் யார் என்று கேட்டால் மூன்றிலும் தாமஸ்தான். நசீருக்கு வலப்புறம் இரண்டாவது யார் என்றால் மூன்றிலும் பாலுதான். அந்த இரண்டையும் குறித்துவிட்டு, கண்ணன், மாலா, ரவி பெயர்கள் வரும் கேள்விகளை மட்டும் காலியாக விட்டு நகரலாம்.